சொல்வதை எழுதுதல்: பத்துக்கு இரண்டு வாங்கிய பிள்ளையின் நோட்டை எப்படித் திருத்துவது?

செல்வி_மாலைவகுப்பு

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அரசுப் பள்ளியில் மூன்றாவது, நான்காவது படிக்கிற பிள்ளைகள். வாரம் ஒருமுறை பத்துச் சொல் சொல்வேன், நோட்டில் எழுதுவார்கள். திருத்துவதில்தான் எனக்குச் சந்தேகம்.

மூன்றாவது படிக்கிற ஒரு பெண் எழுதியதை அப்படியே தருகிறேன். முதலில் நான் சொன்னது, அடுத்து அவள் எழுதியது.

மரம் – மரம்
இலை – எலை
காற்று – காத்து
வண்டு – வன்டு
கோழி – கொளி
பள்ளி – பல்லி
தேங்காய் – தெங்காய்
நண்பன் – நன்பன்
முயற்சி – முயற்ச்சி
பட்டம் – பட்டம்

சொல்லாகப் பார்த்தால் பத்துக்கு இரண்டு. பள்ளியில் எண்ணும் எழுத்தும் வகுப்பில் இவளை மொட்டு என்ற நடு நிலையில் வைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தெரிகிறது, சொன்ன பத்தில் ஒன்றைக்கூட விடாமல் எழுதியும் இருக்கிறாள். ஆனால் நோட்டைத் திறந்தால் எட்டுச் சிவப்புக் கோடு. பக்கத்தில் இருக்கும் பையனுக்கும் இரண்டுதான், அவனோ பாதிச் சொல்லை எழுதவே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே மதிப்பெண் போடுவது சரியாகப் படவில்லை. எழுத்து எழுத்தாகப் பார்த்துத் திருத்துகிறவர்கள் இருந்தால், எப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

குமார்_ஓசூர்

தப்பு தப்புதான் டீச்சர். நாங்கள் படித்தபோது ஒரு எழுத்து போனாலும் முழுச் சொல்லும் போச்சு. தப்பான சொல்லைப் பத்துத் தடவை எழுதச் சொல்வார்கள், அப்படியே பழகிவிட்டது. எட்டுச் சொல்லுக்கும் பத்துத் தடவை எழுத விடுங்கள்.

பழைய_தலைமையாசிரியர்

செல்வி டீச்சர், நோட்டை அப்படியே எடுத்துப் போட்டது நல்லது. இந்த மாதிரிப் பட்டியலைக் கையில் எடுத்தால் நான் மதிப்பெண்ணை முதலில் பார்க்க மாட்டேன். ஒவ்வொரு பிழைக்கும் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இவள் எழுதியிருக்கும் இந்த எழுத்துச் சேர்க்கை தமிழில் எங்காவது வருமா, வராதா?

வன்டு என்று எழுதியிருக்கிறாள். ட வுக்கு முன்னால் ன் எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராது. வண்டு, நண்டு, கண்டம், பண்டம், மண்டபம் எல்லாவற்றிலும் ண்தான். ற வுக்கு முன்னால் ன்: கன்று, மூன்று, தென்றல். த வுக்கு முன்னால் ந்: பந்து, சந்தை. அதனால் இந்தப் பிழையை வைத்து அவளுக்கு வண்டு என்ற சொல் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ‘ட வந்தால் ண்’ என்ற ஒன்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டால் கேள்வியே படாத சொல்லையும் சரியாக எழுதிவிடுவாள்.

இப்போது நன்பனைப் பாருங்கள். இங்கேயும் ண் போட வேண்டிய இடத்தில் ன் போட்டிருக்கிறாள். சிவப்புப் பேனாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ப வுக்கு முன்னால் ண், ன் இரண்டுமே தமிழில் வருகின்றன. அன்பு, இன்பம், துன்பம் ஒரு பக்கம். நண்பன், பண்பு, எண்பது இன்னொரு பக்கம். சொல்லிக்கொடுக்க இங்கே விதி ஏதும் இல்லை. பார்த்து, வாசித்து, எழுதித்தான் மனத்தில் நிற்க வேண்டும்.

ஆக, ஒரே எழுத்துப் பிழைக்கு இரண்டு வைத்தியம். வன்டுவைப் பத்துத் தடவை எழுத வைத்தால் வண்டு மட்டும் சரியாகும், நண்டு மறுபடியும் நன்டு ஆகும். நன்பனுக்கு விதி தேடினால் கிடைக்காது.

மணி_எழுத்தாணி

ஐயா சொல்வது இன எழுத்து. அதை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் ணகர னகரக் குழப்பமே இருக்காது. க வுக்கு ங், ச வுக்கு ஞ், ட வுக்கு ண், த வுக்கு ந், ப வுக்கு ம், ற வுக்கு ன். ஆறே ஆறு ஜோடி. இந்த விதிப்படி நண்பனுக்கும் விடை கிடைத்துவிடும்.

பழைய_தலைமையாசிரியர்

மணி தம்பி, ஆறு ஜோடியும் சரி. ஆனால் அந்தக் கணக்கில் ப வுக்கு இனம் ம். விதியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளை ‘நம்பன்’ என்று எழுதும். அன்பை ‘அம்பு’ என்று எழுதும், அது வேறு பொருள் ஆகிவிடும். கண்கள், எண்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் க வுக்கு முன் ங் போட்டால் என்ன ஆகும்? ட, த, ற மூன்றுக்கும் முன்னால் இந்த விதி மூன்றாம் வகுப்புச் சொற்களில் ஏமாற்றாது. அந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டால் போதும் என்பது என் எண்ணம். மற்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்த வகுப்புகளில் ‘அம்பு’ வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சங்கர்_கணக்கு

இதற்கு மதிப்பெண் போட எளிதான வழி இருக்கிறது. சொல்லை விட்டுவிட்டு எழுத்தை எண்ணுங்கள். உயிர், உயிர்மெய், ஒற்று ஒவ்வொன்றையும் ஓர் எழுத்து என்று எண்ணினால் நீங்கள் சொன்ன பத்துச் சொல்லிலும் சேர்த்து 32 எழுத்து வருகிறது. பாப்பா மாற்றி எழுதியது 10. எலையில் ஒன்று, காத்துவில் இரண்டு, வன்டுவில் ஒன்று, கொளியில் இரண்டு, பல்லியில் இரண்டு, தெங்காயில் ஒன்று, நன்பனில் ஒன்று. முயற்ச்சியில் ஒரு ஒற்று கூடுதல். 32க்கு 22 சரி. கூடுதல் ஒற்றுக்கு ஒன்று கழித்தால் 21. பக்கத்துப் பையனுக்கு இப்படி எண்ணினால் இதைவிடக் குறைவாகத்தான் வரும். வித்தியாசம் தெரிந்துவிட்டதே!

எண்ணும்போது ஒன்றைக் கவனியுங்கள். முயற்சியையும் முயற்ச்சியையும் மேலும் கீழும் வைத்து வரிசையாக ஒப்பிட்டால் நான்காவது இடத்தில் சிக்கும். சி இருக்க வேண்டிய இடத்தில் ச் இருக்கிறது, அதற்கு அப்புறம் ஒரு சி மிச்சம். இரண்டு பிழை என்று தோன்றும். நடுவில் ஒன்று நுழைந்திருக்கிறது, அவ்வளவுதான். பிழை ஒன்றே.

ரேவதி_தொடக்கப்பள்ளி

சங்கர் சார், எண்ணிக்கை சரி. ஆனால் டீச்சருக்கு இது முழுதாக உதவாது. பள்ளியைப் பல்லி என்று எழுதியதில் ள் போய் ல், ளி போய் லி. எழுத்துக் கணக்கில் இரண்டு பிழை. அவள் தடுமாறியது ஒரே ஒரு இடத்தில்: இது ளகரமா லகரமா என்பதில். இரட்டித்த எழுத்தாக இருப்பதால் அந்த ஒரு தடுமாற்றம் இரண்டாகத் தெரிகிறது. காத்துவும் அப்படித்தான். அதே சமயம் கொளியில் இரண்டு பிழை என்றால் அங்கே உண்மையிலேயே இரண்டு. கோ வுக்குக் கொ என்பது ஒன்று, ழி க்கு ளி என்பது வேறொன்று.

நான் நோட்டின் ஓரத்தில் காரணத்தை மட்டும் எண்ணிக் கோடு போடுவேன். இவளுக்குப் போட்டால் ஒன்பது வரும். பேச்சில் வருவதை அப்படியே எழுதியது இரண்டு: எலை, காத்து. ண் ன் இரண்டு. கொம்பு இரண்டு: கொ, தெ. ல ள ழ இரண்டு: பல்லி, கொளியின் ளி. கூடுதல் ஒற்று ஒன்று. எட்டுச் சொல்லும் தப்பு என்று மிரட்டிய பட்டியல் இப்போது ஐந்து வேலையாகச் சுருங்கிவிட்டது. அடுத்த வாரம் எதைச் சொல்லித் தருவது என்று இது சொல்லும். 32க்கு 21 என்ற எண் அதைச் சொல்லாது.

சங்கர்_கணக்கு

காரணம் பார்ப்பது பாடம் நடத்த நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெற்றோருக்கு ஒரு எண் காட்ட வேண்டுமே மேடம். போன மாதம் 21, இந்த மாதம் 27 என்றால் அவர்களுக்குப் புரியும். நான் இரண்டையும் வைத்துக்கொள்ளத்தான் சொல்வேன்.

லதா_சிங்கப்பூர்

எங்கள் வீட்டில் இதற்கு நேர்மாறு. மகன் தொடக்கநிலை மூன்று. சொல்வதை எழுதுதலில் எப்போதும் பத்துக்குப் பத்து. அப்படியும் கட்டுரை எழுதும்போது அதே சொற்களைத் தப்பாக எழுதுகிறான். டியூஷன் ஆசிரியர் எழுத்து எழுத்தாகத் திருத்தவில்லையோ என்று எனக்குச் சந்தேகம். எப்படிக் கேட்பது?

ரேவதி_தொடக்கப்பள்ளி

லதா மேடம், செல்வி டீச்சர் கேட்டது வேறு. ஆனாலும் உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. உங்கள் மகனுக்குச் சொற்பட்டியலை முன்னாலேயே கொடுத்துவிடுகிறார்களா?

லதா_சிங்கப்பூர்

ஆமாம், ஒரு வாரம் முன்பே வரும். வீட்டில் உட்கார்ந்து படிப்போம். வீட்டில் ஆங்கிலம்தான் அதிகம் பேசுகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரேவதி_தொடக்கப்பள்ளி

அப்படியானால் அவன் வாங்கும் பத்து, பட்டியலைப் படமாகப் பார்த்து நினைவில் வைத்ததற்கு. அந்தப் பத்தில் பிழை வராததால் ஆசிரியருக்குத் திருத்த ஒன்றும் கிடைப்பதில்லை. பட்டியலில் வண்டு இருந்தால், அறிவிக்காமல் நண்டு, சுண்டல் என்று இரண்டு சொல் கூடுதலாகச் சொல்லச் சொல்லுங்கள். அவனுக்கு எது தெரியும், எது மனப்பாடம் என்று அங்கே தெரியும். இன்னொன்று, வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளையிடம் ‘எலை’, ‘காத்து’ மாதிரியான பிழை குறைவாகவும் ல ள ழ, ர ற பிழை கூடுதலாகவும் இருக்கும். பேச்சுத் தமிழ் காதில் விழுந்தால்தானே எலை என்று எழுத வரும்?

லதா_சிங்கப்பூர்

உண்மைதான். எலை என்று அவன் எழுதியதே இல்லை. இலையை ‘இளை’ என்று எழுதியிருக்கிறான்.

வாணி_யாழ்

வணக்கம். யாழ்ப்பாணத்தில் தரம் 3 படிப்பிக்கிறேன். நாங்கள் இதைச் சொல்வதெழுதல் என்று சொல்வோம். கொப்பிகளைப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். செல்வி டீச்சர், பள்ளி என்று நீங்கள் சொன்னதும் பல்லி என்று சொன்னதும் பிள்ளையின் காதில் வேறு வேறாக விழுந்ததா?

சொல்வதெழுதலில் பிள்ளையின் கையைப் போலவே ஆசிரியரின் வாயும் சோதிக்கப்படுகிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகத்தான் வரும். மழையை மளை என்று சொல்லிவிட்டு, மளை என்று எழுதியதற்குப் பிழை போடுவது நியாயமில்லை. அதனால் நான் சொல்லைத் தனியாகச் சொல்லி நிறுத்த மாட்டேன். சொல், அப்புறம் அது வரும் ஒரு வசனம், திரும்பவும் சொல். ‘பள்ளி. பள்ளி மணி அடித்தது. பள்ளி.’ பல்லி என்றால், ‘சுவரில் பல்லி ஓடியது.’ வசனம் இல்லாமல் தனியாகச் சொன்ன பள்ளிக்குப் பல்லி என்று எழுதிய பிள்ளை செய்தது எழுத்துப் பிழையே அல்ல. காதில் விழுந்த வேறு ஒரு சரியான சொல்லை எழுதியிருக்கிறது.

இன்னொரு விஷயமும் பார்த்திருக்கிறேன். எங்கள் பேச்சில் ‘என்ர வீடு, உன்ர புத்தகம்’ என்று வரும். இப்போது போனில் எல்லோரும் அதை அப்படியே எழுதுகிறார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, கொப்பியில் கன்றைக் ‘கன்ரு’ என்றும் மூன்றை ‘மூன்ரு’ என்றும் எழுதுகிறார்கள். ஐயா சொன்ன கேள்வியைக் கேட்டால் அது எழுத்துத் தமிழில் வராத சேர்க்கைதான். ஆனால் பிள்ளை அதைக் கண்ணால் பார்த்திருக்கிறது.

பழைய_தலைமையாசிரியர்

வாணி டீச்சர் சொன்னது முக்கியம். சென்னைப் பக்கம் பழத்தைப் ‘பயம்’ என்று எழுதும் பிள்ளையும் உண்டு. அங்கே ழ வுக்கு ய. திண்டுக்கல்லில் ழ வுக்கு ள. எந்த எழுத்தாக மாறியிருக்கிறது என்பதே பிள்ளையின் வீட்டுப் பேச்சைச் சொல்லிவிடும்.

ஆனால் வாயைத் திருத்தப் போய் இன்னொரு பக்கம் விழுந்துவிடக் கூடாது. சில ஆசிரியர்கள் காற்று என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று ‘காட்ரு’ என்று அழுத்திச் சொல்வார்கள். பிள்ளை காட்ரு என்றே எழுதும், இல்லையென்றால் ‘காற்ட்று’ என்று இரண்டையும் சேர்த்து எழுதும். காத்து என்று எழுதிய பிள்ளை வீட்டுப் பேச்சிலிருந்து எழுதுகிறது. காட்ரு என்று எழுதிய பிள்ளை வகுப்பில் கேட்டதை எழுதுகிறது. நோட்டில் காட்ரு நிறைய வந்தால் பிள்ளைகளை விட்டுவிட்டு, சொல்கிறவரைத்தான் கவனிக்க வேண்டும்.

செல்வி_மாலைவகுப்பு

எல்லோருக்கும் நன்றி. வாணி அக்கா கேட்டதற்குப் பதில்: சொற்களைத் தனியாகத்தான் சொன்னேன், வசனம் சேர்க்கவில்லை. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ழ, ள ஒரே ஓசைதான். அதனால் பல்லியையும் கொளியின் ளியையும் இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கொம்புப் பிழைதான் எனக்குப் புரியவில்லை. தெங்காய், கொளி என்று எழுதுகிறாள். ஆனால் அதே பெண் போன வாரம் தேன், மேகம் இரண்டையும் சரியாக எழுதியிருந்தாள். இரட்டைச் சுழி தெரியும் என்றுதானே அர்த்தம்? கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

ரேவதி_தொடக்கப்பள்ளி

அவசரப்பட்டுக் கவனக்குறைவு என்று முடிவு செய்யாதீர்கள் டீச்சர். தேனும் மேகமும் பாடப்புத்தகத்தில் படத்தோடு திரும்பத் திரும்ப வருகிற சொற்கள். அவற்றை அவள் முழுதாக, ஒரு வடிவமாகவே மனத்தில் வைத்திருக்கலாம். அப்படி வைத்திருந்தால் தே என்ற எழுத்தை அவள் தனியே பிரித்துப் பார்த்திருக்க மாட்டாள்.

கண்டுபிடிக்க ஒரு வழி. அவள் எழுதிய தெங்காயை அவளையே வாசிக்கச் சொல்லுங்கள். விரலை எழுத்து எழுத்தாக வைத்து, மெதுவாக. விரல் தெ மேல் இருக்கும்போது ‘தே’ என்று நீட்டி வாசித்தால், ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு அவள் கண்ணில் இன்னும் படவில்லை. ‘தெ’ என்று குறுக்கி வாசித்துவிட்டு நின்று யோசித்தாலோ தானே திருத்தினாலோ, எழுதும் வேகத்தில் விட்டிருக்கிறாள். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

கொ, கோ வில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்து க வுக்கு இரண்டு பக்கமும் பரவியிருக்கிறது. பிள்ளை வலப்பக்கக் காலைத்தான் கவனிக்கும், அது இரண்டுக்கும் ஒன்றே. வேறுபாடு முழுக்க இடப்பக்கச் சுழியில் இருக்கிறது. எழுதும்போது அதைத்தான் முதலில் போட வேண்டும், ஆனால் காதில் க் ஓசைதான் முதலில் விழுகிறது. ஓசை நீளுமா குறையுமா என்று முடிவு செய்யும் முன்பே கை கொம்பைப் போட்டுவிடுகிறது.

பழைய_தலைமையாசிரியர்

ஒரு சின்னச் செய்தி. ஓலைச்சுவடிக் காலத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றுதான். குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது மரபு, ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இப்போது நாம் எழுதும் இரட்டைச் சுழியை 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். அதற்கு முன்னால் படித்தவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். இந்தப் பெண் தெங்காய் என்று எழுதிவிட்டுத் தேங்காய் என்று வாசிப்பதும் அதே மாதிரிதான். அவளுக்கு அந்தச் சுழி ஏன் வேண்டும் என்பது தெரிய, சுழி மாறினால் பொருள் மாறும் சொற்களைக் காட்ட வேண்டும். கொடு – கோடு, செரு – சேறு மாதிரி.

மணி_எழுத்தாணி

ஐயா, செருவும் சேறும் ரகர றகரத்திலும் மாறுகின்றன. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் செரு என்ற சொல்லும் தெரியாது. கொடு – கோடு சரி. பெட்டி – பேட்டி, எடு – ஏடு என்றும் வைக்கலாம்.

பழைய_தலைமையாசிரியர்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி. செருவை எடுத்துவிடுங்கள். எடு – ஏடு நல்ல ஜோடி, ஆனால் அதில் கொம்பே இல்லை. எ வும் ஏ வும் காலில் மட்டும் வேறுபடுகின்றன. கொடு – கோடு முதலில் இருக்கட்டும்.

குமார்_ஓசூர்

எல்லாம் சரி, முயற்ச்சிக்கு என்ன காரணம்? நான் இன்றைக்கும் ஒரு நொடி யோசித்துத்தான் எழுதுகிறேன். கடைப் பலகையில் ‘பயிற்ச்சி நிலையம்’ என்று பார்த்திருக்கிறேன்.

ரேவதி_தொடக்கப்பள்ளி

நல்ல கேள்வி குமார் சார். அந்தப் பிள்ளை காதில் விழுந்ததைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். பசி, ஊசி என்று சொல்லிப் பாருங்கள், சி மெல்லியதாக வரும். முயற்சி, கட்சி என்று சொல்லிப் பாருங்கள், சி வன்மையாக வரும், மகிழ்ச்சியில் வருகிற மாதிரி. பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு, வன்மையான சி என்றால் ‘ச்சி’. அதனால் ச் சேர்க்கிறாள். மகிழ்ச்சி, தேர்ச்சி, வளர்ச்சி எல்லாவற்றிலும் அந்தக் கணக்குச் சரியாக வந்திருக்கிறதே.

சொல்லித் தர வேண்டியது சின்னது. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்சி, பயிற்சி, கற்பனை, கட்சி, நட்பு. ய், ர், ழ் மூன்றும் அப்படி அல்ல, அவற்றின் பின்னால் வரும்: வாய்ப்பு, தேர்ச்சி, வாழ்க்கை. ஐயா கேட்ட கேள்வியில் இது ‘வராத சேர்க்கை’ வகை. ஒருமுறை பிடித்துக்கொண்டால் பெரிய வகுப்பு வரைக்கும் பிழை வராது. பத்துத் தடவை முயற்சி என்று எழுத வைத்தால் பயிற்சிக்கு மறுபடி ச் போடுவாள்.

குமார்_ஓசூர்

காரணம் இப்போது புரிகிறது. பத்துத் தடவை எழுதுவதை நான் முழுதாக விட மாட்டேன், நன்பனுக்கு அது வேண்டும்தானே?

ரேவதி_தொடக்கப்பள்ளி

நண்பனுக்கு வேண்டும். ஆனால் ஒரே நாளில் பத்துத் தடவை எழுதினால் மூன்றாவது தடவையிலிருந்து கைதான் எழுதும். முதலில் பத்து வரியிலும் ந மட்டும், அப்புறம் பத்து வரியிலும் ண் மட்டும் எனக் கீழ்நோக்கி எழுதிக்கொண்டு போகும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். நாளுக்கு ஒருமுறை, பார்க்காமல், ஒரு வாரம் எழுதட்டும்.

செல்வி_மாலைவகுப்பு

செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். தெங்காயை விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன். தே என்று நீட்டித்தான் வாசித்தாள். திரும்பக் கேட்டேன், அப்போதும் தே. பக்கத்தில் தேங்காய் என்று எழுதி இரண்டையும் காட்டி ஒன்றா வேறா என்று கேட்டேன். ‘ரெண்டும் தேங்காதான் மிஸ்’ என்றாள். அப்படியானால் ரேவதி மேடம் சொன்னதுதான், சுழி கண்ணில் படவில்லை. கொடு – கோடு இரண்டையும் அட்டையில் எழுதி, நான் சொல்லச் சொல்ல எடுக்க வைக்கிறேன். இப்போது பாதி சரி, பாதி இல்லை.

ண்ட விஷயத்தில் நல்ல மாற்றம். முன்னால் சொல்லாமல் நண்டு, குண்டு, தொண்டை, மண்டபம் கொடுத்தேன். நான்கிலும் ண் சரியாக வந்தது. மண்டபத்தை இதற்கு முன் அவள் எழுதியதே இல்லை. ஆனால் அன்பை ‘அண்பு’ என்று எழுதிவிட்டாள். புதிதாகக் கற்ற ண் ஐ எல்லா இடத்திலும் போடுகிறாள் போல.

பழைய_தலைமையாசிரியர்

அண்பு வந்தது எதிர்பார்க்கக் கூடியதுதான். விதியைப் பிடித்துக்கொண்டாள் என்பதற்கு அதுவே சாட்சி. அந்த எழுத்தைச் சிவப்பில் சுழிக்காமல், ‘அடுத்து ட இருக்கிறதா?’ என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்று அவளே பார்த்துக்கொண்டால் போதும்.

செல்வி_மாலைவகுப்பு

சரி ஐயா. எலைதான் மிச்சம். அதை எப்படித் திருத்துவது?

மணி_எழுத்தாணி

என்னைக் கேட்டால் அதற்குப் பிழையே போட வேண்டாம். எல்லோரும் பேசுவது எலைதான்.

ரேவதி_தொடக்கப்பள்ளி

அதில் நான் ஒத்துப்போக மாட்டேன் மணி சார். குடையை இதே வழியில் கொடை என்று எழுதினால் அது வேறு சொல். எழுத்தில் இலை என்றுதான் இருக்கிறது, நாளைக்குப் புத்தகத்தில் அவள் வாசிக்க வேண்டும். ஆனால் எலை என்று எழுதுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பது உண்மை. அடுத்த எழுத்தில் அ, ஆ, ஐ ஓசை வந்தால் முன்னால் உள்ள இ எ ஆகும், உ ஒ ஆகும். எடம், வெலை, நெலா, ஒடம்பு, கொழந்தை. இனி, இரு என்பவற்றில் மாறாது. நான் பிள்ளைகளிடம் ‘வீட்டுச் சொல், புத்தகச் சொல்’ என்று இரண்டு வரிசை எழுத வைப்பேன். எலை – இலை, காத்து – காற்று, ஒடம்பு – உடம்பு. வீட்டுச் சொல்லைத் தப்பு என்று சொல்வதில்லை, சொல்வதை எழுதும்போது இரண்டாவது வரிசை என்று சொல்லிவிடுவேன்.

வாணி_யாழ்

இதில் எனக்கு ஒரு தயக்கம். இலை என்று வகுப்பில் மிகத் தெளிவாகச் சொன்னால் எல்லாப் பிள்ளையும் இலை என்றே எழுதும். அப்போது நாம் சோதித்தது எழுத்தையா, காதையா? சாதாரணமாகச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் எலை என்று எழுதுவார்கள். நான் முதல்முறை சாதாரணமாகவும் இரண்டாம் முறை தெளிவாகவும் சொல்கிறேன். எங்கள் பள்ளியிலேயே மற்ற ஆசிரியர்களுக்கு இது பிடிக்கவில்லை.

பழைய_தலைமையாசிரியர்

எனக்கும் பிடிக்கவில்லை, மன்னியுங்கள். புத்தகத்தில் இருக்கிறபடி சொல்வதே முறை என்று நினைக்கிறேன். கட்டுரையில் அவள் என்ன எழுதுகிறாள் என்பதைப் பார்த்து மிச்சத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

ரேவதி_தொடக்கப்பள்ளி

நான் வாணி டீச்சர் பக்கம். கட்டுரையில் பிள்ளைக்குச் சந்தேகமான சொல்லை விட்டுவிட்டுத் தெரிந்த சொல்லைத்தான் போடும். சொல்வதை எழுதும்போது தப்பிக்க முடியாது.

செல்வி_மாலைவகுப்பு

அடுத்த வாரப் பட்டியல் இது. வசனத்தோடு சொல்லப் போகிறேன். கோடு, கொடு, நண்டு, அன்பு, நண்பன், பயிற்சி, மகிழ்ச்சி, உடம்பு, சோறு, பேட்டி. பார்த்துச் சொல்லுங்கள்.

வாணி_யாழ்

பேட்டியை எடுத்துவிடுங்கள், பொருள் தெரியாத சொல்லில் வசனம் உதவாது. மேசை போடலாம். கோடுவையும் கொடுவையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள், இரண்டாவதை முதலாவதைப் பார்த்தே எழுதிவிடுவாள். ஒன்று தொடக்கத்தில், ஒன்று கடைசியில் இருக்கட்டும்.

செல்வி_மாலைவகுப்பு

சரி அக்கா, மாற்றிவிட்டேன். கொடு கடைசிச் சொல். பக்கத்துப் பையனுக்கும் இதே பட்டியல்தான், அவன் நோட்டையும் இங்கே போடுகிறேன்.